வெள்ளை ஒயரைத் தின்ற வெள்ளைச் சுவர்

எங்கள் தெருவில் ஒயர் கூடை பின்னும் அக்கா ஒருவர் இருக்கிறார். நெல்லிக்காய் முடிச்சு, சிவன்கண், பிஸ்கட் முடிச்சு எல்லாம் கைவந்த கலை. முன்பெல்லாம் அக்கம்பக்கத்தார் சொல்லி வைத்து வாங்குவார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் படம் போட்டு வெளியூருக்கும் அனுப்புகிறார். ஒரு நாள் மாலை போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

“தம்பி, இதைப் பாருங்க. பின்னாடி இருக்கிற சுவரை எடுத்துடுன்னு சொன்னா, கூடையிலே இருக்கிற வெள்ளை ஒயரையும் சேர்த்து எடுத்துடுச்சு. பிச்சுப் போட்ட மாதிரி நிக்குது கூடை.”

அரக்கு நிறமும் வெள்ளையும் கலந்த நெல்லிக்காய் கூடை அது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் வைத்துப் படமெடுத்திருந்தார். பின்னணியை நீக்கும் இலவசச் செயலி சுவரை அழித்திருந்தது. கூடவே வெயில் படாத பக்கத்தில் இருந்த வெள்ளை முடிச்சுகளையும் பாதிக்கு மேல் தின்றிருந்தது. கைப்பிடிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் மட்டும் சுவர் அப்படியே உட்கார்ந்திருந்தது. எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு, விட வேண்டியதை எடுத்திருந்தது.

“கடைப் படத்துல எல்லாம் பின்னாடி வெள்ளையாத்தானே இருக்கு, அதான் வெள்ளைச் சுவர்கிட்ட வெச்சேன்” என்றார். பொருளைப் படமெடுத்து விற்கும் பலரும் செய்வது இதைத்தான். கடைசியில் வெள்ளைப் பின்னணி வேண்டும் என்பதால், எடுக்கும்போதே வெள்ளைக்கு முன்னால் வைத்து எடுக்கிறோம். ஆனால் பின்னணியை வெட்டி எடுக்கப் போகிறோம் என்றால் அந்த வெள்ளைதான் முதல் இடைஞ்சல். ஏன் என்று புரிய, போன் அந்தப் படத்தை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

போனுக்குக் கூடையும் தெரியாது, சுவரும் தெரியாது. படம் என்பது அதற்குச் சின்னச் சின்னப் புள்ளிகளின் வரிசை. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 255 என்றால் சுத்த வெள்ளை, மூன்றும் 0 என்றால் கறுப்பு. அக்காவின் படத்தை photopea.com என்ற இலவசத் தளத்தில் திறந்து, நிறம் எடுக்கும் சொட்டுக்குழாய்க் கருவியால் தொட்டுப் பார்த்தோம். சுவர் 214, 212, 205 என்று வந்தது. வெயில் படாத பக்கத்து வெள்ளை ஒயர் 209, 207, 200. வித்தியாசம் வெறும் ஐந்து. கண்ணுக்குச் சுவர் வேறு, ஒயர் வேறு. எண்ணில் இரண்டும் ஒன்றுதான்.

வெள்ளைச் சுவர் ஏன் 255 ஆக இல்லாமல் 214 ஆக வந்தது என்று கேட்கலாம். தானியங்கி முறையில் கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். சட்டகம் முழுக்க வெள்ளை இருந்தால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று நினைத்துக் குறைத்துவிடும். அதனால்தான் வீட்டில் எடுக்கும் வெள்ளைப் பின்னணிப் படங்கள் எல்லாம் அழுக்குச் சாம்பலாக வருகின்றன.

இப்போது பின்னணியை நீக்கும் கருவிகளைப் பார்ப்போம். இலவசமாகக் கிடைப்பவை பல இருந்தாலும், வேலை செய்யும் விதத்தில் இரண்டே வகைதான். ஒரு வகை, உருவத்தைப் பார்த்து வெட்டுவது. ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய நிரல், ‘படத்தில் முக்கியமான பொருள் இதுதான்’ என்று ஊகித்து அதன் ஓரத்தை வரைகிறது. ஐபோனில் 2022-இல் வந்த ஐ.ஓ.எஸ். 16 முதல் இது போனுக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எஸ். மாடல்களும் அவற்றுக்குப் பின் வந்தவையும் இதைச் செய்யும். போட்டோஸில் படத்தைத் திறந்து பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால், ஓரம் மின்னி, பொருள் தனியே எழும்பும். சாம்சங்கின் சில மாடல்களில் கேலரியிலேயே இதே வசதி உண்டு. remove.bg என்ற தளமும் இதே வகைதான். 2018 இறுதியில் ஆஸ்திரியாவின் வியன்னாவிலிருந்து வந்தது.

இன்னொரு வகை, நிறத்தைப் பார்த்து அழிப்பது. விரலால் ஓரிடத்தைத் தொட்டால், அந்த நிறமும் அதற்கு நெருங்கிய நிறங்களும் ஒட்டியிருக்கும் இடமெல்லாம் அழியும். ஆண்ட்ராய்டில் Background Eraser என்ற இலவசச் செயலியின் Auto முறை இதைத்தான் செய்கிறது. ஒரே நிறப் பின்னணி என்றால் என் ஓட்டு இந்த இரண்டாவது வகைக்குத்தான். முதல் வகை ஊகிக்கிறது. ஊகம் சரியாக இருந்தால் ஒரே நொடியில் வேலை முடிந்துவிடும். தவறினால் ஏன் தவறியது என்று நமக்குத் தெரியாது, திருத்தவும் பிடி கிடைக்காது. கைப்பிடி நடுவே இருக்கும் ஓட்டை, ஜிமிக்கியின் சின்னத் துளைகள், கூடை விளிம்பின் மேடு பள்ளம் போன்ற இடங்களில்தான் அது அதிகம் தவறுகிறது. நிறத்தைப் பார்த்து அழிப்பதில் எங்கே தவறினாலும் காரணம் கண்ணுக்குத் தெரியும்.

அந்தக் காரணத்தை அக்காவுக்கு வயலை வைத்துத்தான் சொன்னேன். சுவரின் மேல் விரலை வைப்பது மடையைத் திறப்பது மாதிரி. தண்ணீர் ஒரே மட்டத்தில் இருக்கும் இடமெல்லாம் பாயும். கூடையின் ஓரம்தான் வரப்பு. வரப்பு உயரமாக இருந்தால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். அரக்கு ஒயர் இருக்கும் இடத்தில் வரப்பு நல்ல உயரம். வெள்ளை ஒயர் நிழலில் இருக்கும் இடத்தில் ஐந்தே புள்ளி உயரம், அதனால் உடைத்துக்கொண்டு கூடைக்குள் பாய்ந்துவிட்டது. கைப்பிடி நடுவில் இருக்கும் இடம் நாலு பக்கமும் வரப்பு கட்டிய தனி வயல். வெளியே திறந்த மடைத் தண்ணீர் அங்கே போகாது. அதற்குள் இன்னொரு முறை விரலை வைக்க வேண்டும். “இவ்ளோதானா?” என்றார் அக்கா.

தண்ணீர் எவ்வளவு உயரத்தைத் தாண்டலாம் என்பதைத் தீர்மானிக்கத்தான் செயலியில் ஒரு நகர்த்துக் கட்டை இருக்கிறது, Threshold என்று போட்டிருக்கும். போட்டோஷாப் மாதிரியான மென்பொருள்களில் இதையே டாலரன்ஸ் என்பார்கள். அதைக் கூட்டினால் பின்னணி வேகமாகக் காலியாகும், பொருளும் கடிபடும். குறைத்தால் பொருள் தப்பிக்கும், பின்னணியில் திட்டுத் திட்டாக மிச்சம் நிற்கும். பலர் இந்தக் கட்டையை முன்னும் பின்னும் தள்ளியே அரை மணி நேரத்தைக் கழிக்கிறார்கள். ஆனால் கட்டையை எங்கே வைத்தாலும் சரியாக வராத படங்கள் உண்டு. அக்காவின் படம் அப்படிப்பட்டது.

கணக்கு இதுதான். பின்னணி ஒரே நிறம் என்று நாம் நினைத்தாலும் அது உண்மையில் ஒரே எண்ணாக இருக்காது. ஜன்னல் பக்கம் வெளிச்சம் கூடி, மறுபக்கம் குறைந்திருக்கும். அக்காவின் சுவரில் ஒரு மூலை 225, மறு மூலை 190. முப்பத்தைந்து புள்ளி ஏற்ற இறக்கம். முழுச் சுவரையும் அழிக்க அந்த ஏற்ற இறக்கத்தைத் தாண்டும் அளவுக்குக் கட்டையைத் தள்ள வேண்டும். ஆனால் ஒயருக்கும் சுவருக்கும் இடையே இருப்பது ஐந்து புள்ளிதான். ஐந்துக்குக் கீழேயும் முப்பத்தைந்துக்கு மேலேயும் ஒரே நேரத்தில் நிற்கும் இடம் எதுவும் கிடையாது. பின்னணியின் ஏற்ற இறக்கம் சிறியதாகவும், பின்னணிக்கும் பொருளுக்குமான தூரம் பெரியதாகவும் இருந்தால்தான் நடுவில் கட்டை நிற்க இடம் கிடைக்கும். இந்த இரண்டையும் செயலியில் மாற்ற முடியாது, படமெடுக்கும்போதுதான் மாற்ற முடியும்.

அதனால் மறுநாள் காலை முதலிலிருந்து எடுத்தோம். புத்தகக் கடையில் கரு நீலச் சார்ட் ஒன்று வாங்கி வரச் சொன்னேன். கூடையில் அரக்கும் வெள்ளையும்தான் இருக்கிறது, நீலம் துளியும் இல்லை. கூடையில் நீல ஒயர் இருந்தால் சார்ட்டின் நிறத்தை மாற்ற வேண்டும். பொருளில் இல்லாத நிறம், பளபளப்பு இல்லாத தாள், இவ்வளவுதான் தேவை. சினிமாக்காரர்கள் பச்சைத் திரை வைக்கிறார்களே என்று பச்சைக்குப் போக வேண்டாம். பளபளக்கும் பிளாஸ்டிக்கிலும் பித்தளையிலும் பச்சை சாயம் போல ஏறிக்கொள்ளும். அதைப் போக்குவதற்கு அவர்களிடம் தனி மென்பொருளும் அதற்கென்று ஆட்களும் இருக்கிறார்கள்.

அக்கா சார்ட்டைத் தரையில் விரித்து அதன்மேல் கூடையை வைக்கப் போனார். தடுத்தேன். சார்ட்டின் மேலேயே வைத்தால் அடிப்பக்கத்து வெள்ளை ஒயரில் நீலம் பட்டுத் தெறிக்கும். பின்னணியை வெட்டியபிறகும் கூடையின் அடி நீலம் பூத்தே நிற்கும். அது ஓரத்தில் ஒட்டிய நிறம் அல்ல, ஒயரின் மேலேயே விழுந்த வெளிச்சம். எந்த அழிப்பானாலும் அதை எடுக்க முடியாது. கூடையின் அடியைவிடச் சிறிய அரிசி டப்பா ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் கூடையை வைத்தோம். சார்ட்டை இரண்டடி பின்னால் சுவரில் ஒட்டினோம். இதில் இரண்டு லாபம். நீலம் கூடையில் தெறிக்காது, கூடையின் நிழல் சார்ட்டில் விழுந்து அதன் நிறத்தைக் கெடுக்காது.

நான் ஆறடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தேன். கிட்டே போய் எடுத்தால் கூடையின் முன்பக்கம் உப்பியும், பின்பக்கக் கைப்பிடி மங்கியும் வரும். மங்கிய ஓரத்தை எந்தக் கருவியாலும் சுத்தமாக வெட்ட முடியாது, வெட்டுவதற்கு அங்கே ஓரமே இல்லை. போர்ட்ரெய்ட் முறையையும் தவிர்க்க வேண்டும். அது பின்னணியை மங்கலாக்குகிறேன் என்று கைப்பிடியின் ஓரத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும். ஆறடியிலிருந்து பார்த்தால் சாதாரணச் சார்ட் ஒன்றே கூடையின் நாலு பக்கமும் தாராளமாகத் தெரிகிறது. சார்ட்டுக்கு வெளியே சுவர் தெரிந்தால் தெரியட்டும், அதைப் பிறகு கத்தரித்துவிடலாம். கூடையின் ஓரத்தைச் சுற்றி நீலம் இருந்தால் போதும்.

வெளிச்சத்துக்குப் பக்கவாட்டு ஜன்னல். ஃபிளாஷ் கிடையாது, டியூப்லைட்டையும் அணைத்துவிட்டோம். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் வெள்ளை ஒயர் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் வேறு நிறமுமாக வரும். திரையில் கூடையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, போகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிக்கொண்டு எடுத்தோம். அந்தப் படத்தை மறுபடி தொட்டுப் பார்த்தோம். சார்ட் 62, 104, 170 சுற்றிலும். மூலைக்கு மூலை வித்தியாசம் பதினைந்துக்குள். நிழல் பக்கத்து வெள்ளை ஒயர் 168, 167, 163. சிவப்பு எண்ணில் மட்டுமே நூறுக்கு மேல் தூரம். முதல் நாள் ஐந்து புள்ளி உயரத்தில் இருந்த வரப்பு இப்போது நூறு.

அதன்பிறகு நடந்தது ஐந்து நிமிட வேலை. Background Eraser செயலியில் படத்தை ஏற்றி, கூடையைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுக் கத்தரித்தோம். Auto முறையில் கட்டையை நடுவுக்குச் சற்றுக் கீழே வைத்து, நீலத்தில் ஒரு தொடுதல். கூடையின் வெளிப்புறம் மொத்தமும் காலி. கைப்பிடிகளுக்கு நடுவில் ஒரு தொடுதல், முன் கைப்பிடிக்கும் பின் கைப்பிடிக்கும் இடையே தெரிந்த ஒல்லி இடைவெளியில் இன்னொன்று. அடியில் இருந்த டப்பாவை மட்டும் Manual முறையில், பெரிதாக்கிக்கொண்டு, விரலால் அழித்தார் அக்கா. விரல் சற்று மேலே ஏறிக் கூடையின் அடி முடிச்சு ஒன்று போய்விட்டது. Repair முறையில் அதே இடத்தைத் தடவியதும் திரும்பி வந்தது. தடவும்போது விரலுக்குச் சற்றுத் தள்ளித்தான் அழிப்பான் இருக்கும். விரல் மறைக்காமல் இருக்கவே அந்த ஏற்பாடு. முதல் சில நொடிகள் கை பழகாது, பிறகு பழகிவிடும்.

வேலை முடிந்ததாக அக்கா நினைத்தார். நான் போனில் இருந்த இலவச கேன்வாவைத் திறந்து, வெட்டிய கூடையை முதலில் கறுப்புப் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். கூடையைச் சுற்றி மெல்லிய நீலக் கோடு ஒன்று தெரிந்தது. அழிக்காமல் விட்ட இரண்டு மூன்று நீலப் பொட்டுகளும் காலியிடத்தில் மிதந்தன. வெள்ளையில் வைத்துப் பார்த்தபோது இவை கண்ணில் படவே இல்லை. வெட்டிய படத்தை ஒருமுறை கறுப்பிலும் ஒருமுறை அடர் சிவப்பு மாதிரி அழுத்தமான நிறத்திலும் போட்டுப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது. கறுப்பில் வெளிறிய மிச்சங்கள் தெரியும். அழுத்தமான நிறத்தில் பொருளுக்குள் விழுந்த ஓட்டைகள் தெரியும்.

அந்த நீலக் கோடு எங்கிருந்து வந்தது? கூடையின் ஓரம் சரியாக ஒரு புள்ளியின் எல்லையில் முடிவதில்லை. ஒரே புள்ளிக்குள் பாதி ஒயரும் பாதி சார்ட்டும் விழும்போது கேமரா இரண்டையும் கலந்து ஒரே நிறமாக்கிவிடும். வெயில் பட்ட வெள்ளை ஒயர் 236, 235, 231, சார்ட் 62, 104, 170. இரண்டும் சரிபாதி கலந்தால் ஏறத்தாழ 149, 170, 200. அது ஒயரும் இல்லை, சார்ட்டும் இல்லை, வெளிர் நீலம். எந்தக் கருவியும் இந்தப் புள்ளியை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று திணறும். இதற்கு மருந்து, ஓரத்தை ஒன்றிரண்டு புள்ளி உள்ளே தள்ளி வெட்டுவது. மிச்சம் தெரியும் இடங்களில் Auto முறையிலேயே அந்த நீலக் கோட்டைத் தொட்டால் போகும், அல்லது சிறிய அழிப்பானால் ஓரத்தைச் சீவலாம். சேமிக்கும் முன் ஓரத்தை மென்மையாக்கும் அளவு ஒன்றை செயலி கேட்கும், அதைக் குறைவாக வைத்தால் போதும். அதிகமாக வைத்தால் நெல்லிக்காய் முடிச்சின் மேடு பள்ளமெல்லாம் மழுங்கி, கூடை களிமண்ணில் பிடித்து வைத்தது போல ஆகிவிடும்.

இங்கேதான் படத்தின் அளவு முக்கியமாகிறது. நாலாயிரம் புள்ளி அகலப் படத்தில் இரண்டு புள்ளி சீவினால் யாருக்கும் தெரியாது. ஐந்நூறு புள்ளி அகலப் படத்தில் இரண்டு புள்ளி போனால் கைப்பிடி மெலிந்து தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துப் பின்னணி நீக்க முயல்பவர்கள் கஷ்டப்படுவது இதனால்தான். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது புள்ளிகளைக் குறைப்பதோடு நிற்பதில்லை. JPG படம் எட்டுக்கு எட்டு புள்ளிச் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு அழுத்தப்படுகிறது. அழுத்தம் கூடும்போது பொருளின் ஓரத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல அழுக்குப் புள்ளிகள் வரும். பெரிதாக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் நம் வரப்பில் ஒரு ஓட்டை. மூலப்படம் எடுத்த போனிலிருந்தே வேலையைத் தொடங்க வேண்டும். வேறு போனுக்கு மாற்ற வேண்டுமென்றால் படமாக அல்லாமல் டாக்குமெண்ட் ஆக அனுப்ப வேண்டும்.

இலவசக் கருவிகளின் கட்டுப்பாடும் பெரும்பாலும் இந்த அளவில்தான் வருகிறது. remove.bg ஓரத்தை நன்றாகவே வெட்டும். ஆனால் இலவசமாக இறக்கும் படம் கால் மெகாபிக்சல்தான். போனின் வழக்கமான நாலுக்கு மூன்று வடிவப் படத்தில் அது ஏறத்தாழ 577-க்கு 433 புள்ளி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போதும். அமேசான் போன்ற இணையக் கடைகளில் வாங்குபவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க நீளப் பக்கம் ஆயிரம் புள்ளியாவது வேண்டும், அதற்குப் போதாது. வேறு சில செயலிகள் இலவசப் படத்தின் மூலையில் தங்கள் முத்திரையைப் பதித்துவிடும். எந்தக் கருவியில் செய்தாலும் சேமித்த படத்தை கேலரியில் திறந்து, விவரப் பகுதியில் அதன் அகல உயரத்தைப் பார்த்துவிடுவது நல்லது. மூலப்படம் நாலாயிரமாக இருந்து வெட்டியது அறுநூறாக வந்திருந்தால், கருவி சொல்லாமலே சுருக்கியிருக்கிறது.

சேமிப்பதில் ஒரு கண்ணி உண்டு. பின்னணி இல்லாத படத்தை PNG ஆக வைக்க வேண்டும். அதில் மூன்று நிற எண்களோடு நாலாவதாக ஓர் எண் இருக்கிறது, அந்தப் புள்ளி எவ்வளவு ஒளி ஊடுருவும் என்பதைக் குறிப்பது. JPG-இல் அந்த நாலாவது எண்ணுக்கு இடமே கிடையாது. வெட்டிய PNG படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது JPG ஆக மாறி, காலியிடம் கறுப்பாகவோ வெள்ளையாகவோ நிரம்பிப் போய்ச் சேரும். பேனர் அடிக்கும் கடைக்காரர் ‘பின்னணி அப்படியே இருக்கிறதே’ என்று திருப்பி அனுப்பும்போது பலரும் முதலிலிருந்து மறுபடி வெட்டுகிறார்கள். வெட்டியது சரிதான், அனுப்பிய விதம்தான் தவறு.

பிறகு அக்காவின் கூடையை வெள்ளையில் வைத்தோம். கேன்வாவில் பின்னணி நீக்கும் வசதிக்குக் காசு கேட்பார்கள். ஆனால் வெட்டிய படத்தைப் புதிய பக்கத்தில் வைத்து இறக்க இலவசக் கணக்கே போதும். ஆயிரத்துக்கு ஆயிரம் புள்ளியில் வெள்ளைப் பக்கம். அமேசான் முதல் படத்துக்குக் கேட்பது 255, 255, 255 என்ற சுத்த வெள்ளை, சட்டகத்தில் 85 சதவீதத்தைப் பொருள் நிரப்ப வேண்டும் என்பது. கூடையை 850 புள்ளி உயரத்துக்கு இழுத்து நடுவில் நிறுத்தினோம். காலியான வெள்ளையில் கூடை அந்தரத்தில் தொங்குவது போல இருந்தது. நிழலையும் நாம் வெட்டிவிட்டதால் வந்த கோளாறு அது. Elements பகுதியில் shadow என்று தேடினால் மங்கிய நீள்வட்ட நிழல்கள் கிடைக்கும். கிரீடக் குறி இல்லாதவை இலவசம். ஒன்றை எடுத்துக் கூடையின் அடியில், கூடைக்குப் பின்னால் வைத்து, அடர்த்தியை முப்பது சதவீதத்துக்குக் குறைத்ததும் கூடை தரையில் உட்கார்ந்துவிட்டது. நிழல் கூடையின் அடியைவிட அதிகம் அகலமாக இருக்கக் கூடாது, கூடையின் அடியைத் தொட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். தொடாவிட்டால் மறுபடி மிதக்கும்.

அடுத்த வாரம் அக்கா ஊறுகாய் போடும் தன் நாத்தனாரின் கண்ணாடி பாட்டிலை எடுத்து வந்தார். அதே நீலச் சார்ட், அதே டப்பா. பாட்டில் நன்றாக வெட்டப்பட்டது. ஊறுகாய்க்கு மேலே காலியாக இருந்த கழுத்துப் பகுதி மட்டும் நீலமாகவே நின்றது. கண்ணாடிக்கென்று தனி நிறம் கிடையாது. பின்னால் இருப்பதைத்தான் அது காட்டும். நீலத்தை அழித்தால் கழுத்தே போய்விடும், விட்டால் நீலக் கண்ணாடி பாட்டில் ஆகிவிடும். கண்ணாடி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை, வலைத் துணி ஆகியவற்றுக்கு வெட்டும் வழியே சரிவராது. இவற்றுக்குத்தான் வெள்ளைச் சார்ட். வெள்ளையில் வைத்து எடுத்து, எதையும் வெட்டாமல், கூகுளின் இலவச ஸ்னாப்சீடில் Curves கருவியைத் திறந்து, வலது மேல் மூலைப் புள்ளியை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினால், சாம்பலாக வந்த வெள்ளை சுத்த வெள்ளையாக வெளுக்கும். பாட்டிலின் ஓரக் கோடு மங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். நிழலும் இயல்பாகவே கூட வரும். நாத்தனாரின் பாட்டிலை இப்படித்தான் முடித்தோம்.

அக்கா இப்போது இரண்டு சார்ட் வைத்திருக்கிறார், நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. கூடையில் எந்த நிறம் இல்லையோ அதை எடுத்து ஒட்டுகிறார். ஒரு கூடைக்குப் படமெடுப்பதிலிருந்து வெள்ளையில் வைப்பது வரை பத்து நிமிடம் ஆகிறது. அவரிடம் சொன்ன ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன். வெட்டி முடித்ததும் போனில் இடம் அடைக்கிறதே என்று மூலப்படத்தை அழித்துவிடாதீர்கள். வெட்டிய படத்தில் இல்லாமல் போன முடிச்சு, பிறகு ஒருநாள் பெரிய பேனருக்குக் கேட்கும்போது, அந்த மூலப்படத்தில் மட்டும்தான் இருக்கும்.